இணைப்புரையைக் கடைசியில் எழுதுவோம்

பேட்டிகளை வைத்து விவரணப்படம் எடுக்கப் புறப்படும் மாணவியரிடம் எழுத்துப் பிரதியைக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் இரண்டு பக்க இணைப்புரையைத்தான் நீட்டுகிறார்கள். தமிழ் நன்றாக இருக்கும், உவமைகளும் இருக்கும். நடுவில் மட்டும் ஓர் இடம் காலியாக விடப்பட்டு, "இங்கே ஊரவர் ஒருவர் பேசுவார்" என்று எழுதப்பட்டிருக்கும். அவர் என்ன பேசுவார் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் பேசி முடித்ததும் பின்னணிக் குரல் என்ன சொல்லும் என்பது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. ஊடகக் கற்கையைப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை என்ற முறையில், இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். கேள்விகளை முதலில் எழுதுவோம். துணைக்காட்சிகளைப் பதிலிலிருந்து எடுப்போம். இணைப்புரையைக் கடைசியில் எழுதுவோம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கமெராவுக்கு முன்னால் அமர்ந்து பேசுபவரின் காட்சி முதன்மைக் காட்சி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் வந்துபோகும் வேறு காட்சிகள், அதாவது கை, கதவு, தெரு, பழைய புகைப்படம் போன்றவை, துணைக்காட்சிகள். படப்பிடிப்பில் இருப்பவர்கள் இதனை பி-ரோல் என்பார்கள். ஒரு பேச்சுத் துண்டையும் அடுத்த பேச்சுத் துண்டையும் கோக்கின்ற பின்னணிக் குரலே இணைப்புரை. இந்த மூன்றில் எதை யார் தீர்மானிக்கிறார் என்பதைப் பொறுத்தே, படம் யாருடையது என்பது முடிவாகிறது.

நமது நாட்டைப் பற்றிய பழைய விவரணப்படங்களில் புகழ்பெற்றது, 1934இல் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்'. அதன் பின்னணி உரையின் பெரும்பகுதி, கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. வாசித்தவர் கொழும்பின் கலைஞர் லயனல் வென்ட். கேட்பதற்கு இனிமையான குரல்தான். ஆனால் படத்தில் வரும் நெசவாளியோ உழவரோ ஒருவரும் நம்மிடம் எதையும் சொல்வதில்லை. ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய ஒருவரின் வசனம் அவர்களுக்காகப் பேசிவிடுகிறது. அடுத்த ஆண்டு, 1935இல், இலண்டனின் குடிசைப்பகுதி மக்களைப் பற்றி 'ஹவுசிங் ப்ரொப்ளம்ஸ்' என்ற சிறிய படம் வந்தது. ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் எடுத்த அந்தப் படத்தில், அங்கு குடியிருந்தவர்களே தம் அறைகளில் நின்று, எலியைப் பற்றியும் ஒழுகும் சுவரைப் பற்றியும் கமெராவைப் பார்த்துப் பேசினார்கள். பேட்டி விவரணப்படத்தின் தொடக்கம் என்று அதனை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் படத்துக்குப் பணம் கொடுத்தது ஓர் எரிவாயு வர்த்தக அமைப்பு. மக்கள் பேசுவது தங்கள் துன்பத்தை. இணைப்புரை அந்தத் துன்பத்தைப் படிக்கட்டாக்கி, புதிய மாடிவீடுகள் என்ற தீர்வுக்கு ஏறிப்போகிறது. சாட்சி உண்மையானது, சேருமிடம் மட்டும் முன்பே குறிக்கப்பட்டது. இணைப்புரையை முதலில் எழுதும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

இதை நமது மாத்தளை மாவட்டத்திலேயே ஒரு விடயத்தை வைத்துப் பார்ப்போம். நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே லக்கல பல்லேகம இருக்கிறது. களுகங்கை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது அங்கிருந்த பழைய நகரம் நீருக்குள் போனது. கடைகளும் அலுவலகங்களும் புதிய லக்கல நகரத்துக்கு மாறின. புதிய நகரம் திறக்கப்பட்டதும், நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியதும் 2018இல். ஐந்து நிமிடத்தில் இதைப் பற்றி ஒரு பகுதி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய தெருவில் கடை வைத்திருந்து, இப்போது புதிய நகரத்தில் கடை நடத்தும் வயதான சிங்கள முதலாளி ஒருவர் பேசச் சம்மதிக்கிறார் என்றும் கற்பனை செய்துகொள்வோம்.

இணைப்புரையை முதலில் எழுதியிருந்தால், நம்மிடம் இரண்டு வகைப் பிரதிகளில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று, "ஊர் அழிந்தது" என்று அழும். மற்றது, "அபிவிருத்தி வந்தது" என்று கைதட்டும். இரண்டிலும் முதலாளியிடம் கேட்கப்போவது ஒரே மாதிரிக் கேள்விதான். "ஊர் தண்ணீரில் மூழ்கியது உங்களுக்குக் கவலையாக இருக்கிறதா?" அவர் "ஓம், கவலைதான்" என்பார். அதற்கு மேல் அவர் சொல்ல நாம் இடம் வைக்கவில்லை. அந்தப் பதிலை வெட்டியெடுத்துப் படத்தில் வைக்கவும் முடியாது. கேள்வி கேட்பவரின் குரலைப் படத்திலிருந்து நீக்கிவிடுவதுதான் வழக்கம். கேள்வி போய்விட்டால், "ஓம், கவலைதான்" என்பது எதைப் பற்றியது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, பேட்டிக்கான கேள்வி தான் இல்லாமலே நிற்கக்கூடிய பதிலைப் பெற்றுத்தர வேண்டும். பேட்டி தொடங்குமுன் அவரிடம் இதைச் சொல்லிவிடலாம். "முதலாளி, நான் கேட்பது படத்தில் வராது. அதனால் எதைப் பற்றிச் சொல்கிறீர்களோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்." பிறகு கேள்விகளை, கண்ணால் கண்டதிலிருந்து தொடங்கி, நடந்ததற்குப் போய், மனதில் உள்ளதில் முடியும்படி அடுக்க வேண்டும். முதல் கேள்வி இப்படி இருக்கலாம்: "பழைய ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உங்கள் கடைக்கு எப்படி வர வேண்டும்? என்னைக் கூட்டிக்கொண்டு போவதுபோலச் சொல்லுங்கள்." இதற்கு ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. அவர் நினைவிலே நடக்கத் தொடங்கிவிடுவார். இரண்டாவது: "கடையை மூடிய கடைசி நாளில் காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" இது நிகழ்ச்சியை வரிசையாகத் தரும். மூன்றாவது: "அங்கிருந்து எதைக் கொண்டுவந்தீர்கள், எதை விட்டுவந்தீர்கள்?" துணைக்காட்சிகளின் பட்டியல் இந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கும்.

நான்காவது கேள்வியை நாம் எதிர்பார்ப்பதற்கு எதிராகக் கேட்க வேண்டும். நமக்கு இழப்புப் படம் எடுக்கும் எண்ணம் இருந்தால், "புதிய நகரத்தில் எது உங்களுக்கு இலேசாக இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். அபிவிருத்திப் படம் எடுக்கும் எண்ணம் இருந்தால், "பழைய இடத்தில் செய்துவந்து இங்கே செய்ய முடியாதது எது?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைப் பட்டியலில் சேர்த்தாலே, நமது முடிவு ஆட்டம் காணத் தொடங்கும். அது நல்லதுதான். கடைசிக் கேள்வி, "நான் கேட்காமல் விட்டது ஏதும் உண்டா?" கேள்விகள் இவ்வளவு போதும். ஒவ்வொரு பதிலும் முடிந்த பிறகு ஐந்து விநாடி பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்தை நிரப்புவதற்காக அவர் சேர்த்துச் சொல்லும் ஒரு வசனம், பல சமயம் அதுவரை சொன்ன அத்தனையையும்விடக் கனமானதாக இருக்கும். அடுத்த கேள்விக்கு அவசரப்படும் மாணவி அதை இழந்துவிடுகிறாள்.

இனித் துணைக்காட்சி. பல்லேகமவில் இது ஒரு சங்கடம், ஏனென்றால் பேசப்படும் ஊர் கண்ணுக்குத் தெரியாது. உடனே எல்லாருக்கும் தோன்றுவது, நீர்த்தேக்கத்தின் அகலமான காட்சி ஒன்று. மலையும் நீரும் மேகமும் அழகாகத்தான் இருக்கும். முதலாளி பஸ் தரிப்பிடத்தைப் பற்றிப் பேசும்போதும் அதே நீர், கடைசி நாளைப் பற்றிப் பேசும்போதும் அதே நீர் என்று வந்தால், இரண்டு நிமிடத்தில் பார்ப்பவர் சுற்றுலா விளம்பரம் பார்க்கிற மனநிலைக்குப் போய்விடுவார்.

இல்லாமற்போன இடத்தை எப்படிக் காட்டுவது என்பதற்குப் பெரிய முன்மாதிரி ஒன்று உண்டு. நாசிகள் யூதர்களைக் கொன்றொழித்தது பற்றி க்ளோட் லான்ஸ்மன் எடுத்து 1985இல் வெளிவந்த 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் பழைய காலத்துப் படச்சுருள் ஒரு துண்டுகூட இல்லை. பின்னணி இணைப்புரைக் குரலும் இல்லை. அன்று நடந்ததைச் சாட்சிகள் சொல்கிறார்கள். இன்றைக்குப் புல் முளைத்துக் கிடக்கும் அதே இடம் திரையில் தெரிகிறது. சொல்லுக்கும் காட்சிக்கும் இடையிலுள்ள அந்தத் தூரமே பார்ப்பவரை யோசிக்க வைக்கிறது. நமது விடயம் அந்தக் கொடுமையோடு ஒப்பிடத்தக்கதல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்தான். இல்லாததைப் போலியாக உருவாக்காமல், இருப்பதை உற்றுக் காட்டினால் போதும்.

முதலாளி மூன்றாவது கேள்விக்கு, "தராசைக் கொண்டுவந்தேன், கதவுப் பலகைகளை விட்டுவந்தேன்" என்று சொன்னால், நமக்குத் தேவையானது அந்தத் தராசு. அது இப்போது எங்கே இருக்கிறது, பாவனையில் இருக்கிறதா, தூசி படிந்து மேலே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் கை அதைத் தொடுவதைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். புதிய கடையின் கதவைக் காலையில் அவர் திறப்பதையும், அதன் சத்தத்தோடு எடுக்க வேண்டும். பழைய பலகைக் கதவைப் பற்றி அவர் பேசும்போது இந்தப் புதிய கதவு திறந்தால், ஒரு வார்த்தையும் இல்லாமல் மாற்றம் விளங்கிவிடும். ஒவ்வொரு காட்சியையும் கமெராவை அசைக்காமல் குறைந்தது பத்து விநாடி பிடிக்க வேண்டும். படத்தில் நான்கு விநாடிதான் வரும் என்றாலும், எந்த நான்கு என்பதை வெட்டும்போதுதான் அறிவோம். பேட்டி எடுத்த அறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். மின்விசிறியும் தெருச் சத்தமும் கலந்த அந்த அமைதி இல்லாவிட்டால், இரண்டு பேச்சுத் துண்டுகளை ஒட்டும் இடத்தில் ஒலி திடீரென்று அறுந்து கேட்கும்.

துணைக்காட்சிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேச்சின் நடுவே ஒரு பகுதியை நீக்கினால், முகம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்கவே மேலே தராசை வைக்கிறோம். இதை எல்லாரும் செய்கிறார்கள், குற்றமில்லை. ஆனால் அந்தத் தராசின் மறைவில் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம் என்பதையும் மறக்கக்கூடாது. "புதிய நகரம் வசதிதான்" என்று அவர் சொல்லி, மூன்று நிமிடம் கழித்து வேறொன்றைப் பற்றி "ஆனால் மனம் ஒட்டவில்லை" என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே வசனமாக்கினால், அவர் சொல்லாத கருத்து ஒன்று அவர் வாயிலிருந்தே வந்துவிடும். அளவுகோல் எளிது. ஒட்டிய வசனத்தை அவரே கேட்டால், "ஓம், அதைத்தான் சொன்னேன்" என்பாரா? சந்தேகம் இருந்தால் ஒட்டக்கூடாது.

நாற்பது நிமிடப் பேட்டி கையில் இருக்கிறது என்று வைப்போம். அடுத்த வேலை மெனக்கெட்ட வேலை, தவிர்க்கவும் முடியாதது. பேசியதை முழுவதும் சொல்லுக்குச் சொல் எழுதி, பக்கத்தில் நேரத்தைக் குறிக்க வேண்டும். முதலாளி சிங்களத்தில் பேசியிருந்தால், சிங்களத்தில் எழுதி, எதிரே தமிழாக்கத்தை எழுத வேண்டும். இந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையான பகுதிகளைக் கோடிட்டு, தாளிலேயே வரிசைப்படுத்தினால் படத்தின் எலும்புக்கூடு வந்துவிடும். ஐந்து நிமிடம் என்பது 300 விநாடி. அதில் முதலாளியின் பேச்சு ஆறு துண்டுகளாக 190 விநாடி, பேச்சே இல்லாமல் இயல்பான சத்தத்தோடு ஓடும் காட்சிகள் 60 விநாடி என்று ஒதுக்கினால், இணைப்புரைக்கு மிஞ்சுவது 50 விநாடி. நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குத் தமிழில் ஏறக்குறைய தொண்ணூறு சொற்கள்தான் என் வாயில் வருகின்றன. ஆகவே முழுப் பகுதிக்கும் இணைப்புரை எழுபத்தைந்து சொல்லுக்குள் அடங்க வேண்டும். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்த மாணவிக்கு இந்தக் கணக்கே பாதிப் பாடம்.

இந்த எழுபத்தைந்து சொல்லுக்கு என்ன வேலை? முதலாளியால் சொல்ல முடியாததை, அல்லது அவர் சொல்லத் தேவையில்லை என்று விட்டதைச் சொல்வது. அவர் "கங்கை" என்றுதான் சொல்லுவார். அவருக்கு அது ஒன்றுதான். ஆனால் கொழும்பிலோ பேருவளையிலோ இருந்து பார்ப்பவர் களுகங்கை என்றதும் களுத்துறையில் கடலில் விழும் ஆற்றைத்தான் நினைப்பார். அங்கே இணைப்புரை வேண்டும்: "இது களுத்துறைக் களுகங்கை அன்று. அதே பெயரோடு அம்பன் கங்கையில் சேரும் வேறோர் ஆறு. இதற்குக் குறுக்கே அணை கட்டி, 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பல்லேகமவின் பழைய நகரம் இப்போது இந்த நீருக்குள் இருக்கிறது." எண்ணிப் பாருங்கள், இருபத்தாறு சொல்லில் முடிந்துவிடுகிறது. இடம், காலம், ஒரு குழப்பத்தின் தீர்வு, எல்லாம் இருக்கின்றன. இதற்குப் பதிலாக, "தலைமுறைகளின் நினைவுகளைச் சுமந்த பல்லேகம இன்று நீருக்கடியில் விம்மிக்கொண்டிருக்கிறது" என்று எழுதினால், ஓர் உண்மையும் சேரவில்லை. முதலாளி தன் கண்ணாலும் குரலாலும் சொல்ல வேண்டியதை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு அவர் பேசுவது வெறும் ஆமோதிப்பாகத்தான் கேட்கும்.

மொழி வேறாக இருக்கும்போது ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முதலாளியின் சிங்களப் பேச்சைத் தணித்து, அதன் மேல் தமிழ்க் குரல் கொடுக்கும் வழக்கம் வானொலி, தொலைக்காட்சியில் உண்டு. மாணவியர் படத்தில் இணைப்புரை வாசிக்கும் பிள்ளையே அந்தக் குரலையும் கொடுப்பாள். அப்போது எது சாட்சியின் சொல், எது படம் எடுத்தவரின் சொல் என்று கேட்பவரால் பிரிக்கவே முடியாது. ஆகவே அவர் குரலை அப்படியே விட்டு, கீழே தமிழ் எழுத்தில் போடுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் எழுத்தை வாசிக்கும் கண்ணால், அதே நேரத்தில் வேகமாக மாறும் காட்சிகளைப் பார்க்க இயலாது. எழுத்து ஓடும் இடங்களில் துணைக்காட்சி அசையாததாகவும் நீண்டதாகவும் இருக்க வேண்டும். அதையும் பிரதியிலேயே குறித்துவிட வேண்டும்.

பிரதி முடிந்ததும் மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம். முதலாவது, இணைப்புரையை மட்டும் தனியே வாசிப்பது. அது தானே ஒரு முழுக் கட்டுரையாகக் கேட்டால், சாட்சிக்கு அங்கே வேலையில்லை என்று அர்த்தம். அது அறுந்தறுந்து, நடுவில் யாரோ பேச வேண்டும் என்று காத்திருப்பதுபோலக் கேட்டால் சரி. இரண்டாவது, சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பது. மரம் என்றால் மரம், பஸ் என்றால் பஸ் என்று சொல்லுக்குச் சொல் படம் மாறிக்கொண்டே இருந்தால், அது பாலர் வகுப்புப் பட அட்டையாகிவிட்டது. மூன்றாவது, நாம் எதிர்பார்ப்புக்கு எதிராகக் கேட்ட அந்த நான்காவது கேள்வியின் பதில் படத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. அது முழுவதும் வெட்டுப்பட்டுப் போயிருந்தால், ஏன் வெட்டினோம் என்பதற்கு நேர்மையான காரணம் நம்மிடம் இருக்க வேண்டும். "நேரம் போதவில்லை" என்பதை நான் காரணமாக ஏற்பதில்லை.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, இது பிள்ளைகளின் படம்தானே என்று சில பெற்றோர் நினைக்கலாம். பல்லேகமவின் பழைய தெருவில் கடை வைத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். அந்தத் தெருவை அவர் இனி ஒருவரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட முடியாது. அவர் சொல்லித்தான் அது தெரியும். அந்தச் சொல்லைப் பதிவு செய்ய வரும் கமெரா, அவருடைய வாழ்நாளில் ஒரே ஒருமுறைகூட வரலாம். அன்றைக்கு அவர் பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் பார்க்கப்போவது அவர் சொன்ன தெருவையா, அல்லது பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி மாத்தளையில் இருந்துகொண்டு முன்கூட்டியே எழுதிய தெருவையா என்பது நமது எழுத்துப் பிரதியின் வரிசையில் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு மாணவி பிரதியோடு வந்தால், நான் முதலில் பார்க்கப்போவது கேள்விப் பட்டியலை. அடுத்து, பேச்சை எழுதியெடுத்த தாள்களை. அதற்கடுத்து, அந்தத் தாள்களின் ஓரத்தில் குறிக்கப்பட்ட துணைக்காட்சிகளை. இந்த மூன்றும் மேசையில் இருந்தால், எழுபத்தைந்து சொல் இணைப்புரையை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். படம் ஊருக்குக் காட்டப்படுமுன், தாளிலே கோத்த அந்த வரிசையை முதலாளிக்கு ஒருமுறை வாசித்துக் காட்டவும் மறக்கக்கூடாது. அவர் தலையசைத்த பிறகு வெட்டத் தொடங்கலாம்.